தனித்தனிப் போர்வை என்றால் சண்டையா?

கொடியில் இரண்டு போர்வை காய்ந்தால் போதும், சொந்தக்காரர்களுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. "என்ன, தனித்தனியா?" என்று இழுக்கிறார்கள். அவருக்கு உப்பில்லாமல், இவருக்குச் சர்க்கரை இல்லாமல் என்று தனித்தனியாகச் சமைக்கிற வீட்டுக்காரர்கள்தான் இப்படிக் கேட்கிறவர்களும்! தூங்கும்போது மட்டும் இரண்டு உடம்புக்கும் ஒரே காற்று வேண்டுமாம்.

"நடுவில் வையுங்கள், இருவருக்கும் சரியாகும்" என்பது அடுத்த உபதேசம். ஆகாது. எங்கள் புதுச்சேரியில் கடல் ஈரத்தில் எனக்கு மார்கழியிலும் கழுத்து வேர்க்கும். என் மனைவிக்கு விடியற்காலையில் கால் ஜில்லிட்டுப் போகும். ரெகுலேட்டரை மூன்றில் வைத்தால் எனக்குப் புழுக்கம், அவளுக்குக் குளிர். விட்டுக்கொடுத்ததில் இருவருக்குமே தூக்கம் போனதுதான் மிச்சம்.

மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. தோலில் உள்ள வியர்வையை உலர்த்துகிறது, அவ்வளவுதான். ஆகவே காற்று வேண்டிய உடம்பின் மேல் மட்டும் பட்டால் போதும். கட்டிலுக்கு நேர்மேலே தொங்கும் விசிறிக்கு அந்த விவேகம் கிடையாது. அதை ஒன்றில் வைத்துவிட்டு, என் பக்கத்துக் கால்மாட்டில் ஸ்டூல் போட்டு ஒரு மேசை விசிறியை வைத்தோம். அது தலையாட்டாதபடி பின்னால் உள்ள குமிழை இழுத்துவிட வேண்டும். தலையாட்டினால் அடுத்தவரையும் எழுப்பிவிடும். சரியாக வைத்தோமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மனைவியின் தலையணைக்கு மேல் ஒரு கைக்குட்டையைத் தொங்கவிட்டுப் பிடியுங்கள். அது ஆடினால் விசிறியை இன்னும் கொஞ்சம் திருப்புங்கள்.

ஏசி உள்ளவர்களுக்கும் இதே கணக்குதான். 2020 முதல் நம் நாட்டில் விற்கும் ஏசிகள் போட்டவுடன் 24 டிகிரியில்தான் தொடங்கும். அது சட்டம் என்று நினைத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். 27-இல் வைத்து, சூடு தாங்காதவர் பக்கம் விசிறியைப் போட்டால் மற்றவர் நடுங்க வேண்டியதில்லை.

போர்வைக்கு வருகிறேன். குளிர்கிறவருக்குத் தடித்த கம்பளி ஒன்றைவிட மெல்லிய பருத்திப் போர்வை இரண்டு நல்லது. இடையில் நிற்கும் காற்றே கதகதப்பு தரும். புழுங்கினால் ஒன்றை மட்டும் தள்ளிவிடலாம். இரண்டாவதைக் கால்மாட்டில் மடித்து வையுங்கள். குளிர் தெரிவது பெரும்பாலும் விடியற்காலையில்தான். அப்போது எழுந்து போய் அலமாரியைத் திறந்தால் தூக்கம் கலைந்துவிடும். எனக்கு ஒரு பழைய வேட்டி, இடுப்பு வரை.

ஒருவருக்குப் புதிதாக, காரணமில்லாமல் குளிரோ வேர்வையோ அதிகமானால் மட்டும் போர்வையை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். தைராய்டாக இருக்கலாம், ரத்தச்சோகையாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

நம் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. மேசை விசிறியின் ஒயர், இரவில் நாம் கழிப்பறைக்குப் போகிற வழியில் கிடக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அதைச் சுவரோரமாக ஆணியடித்து ஒட்டி வைத்திருக்கிறோம்.