உடைந்து திரும்பும் சிலைக்கு யார் பொறுப்பு?

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கல் தட்டும் சத்தம் ஓய்வதில்லை. மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது சாலையோரம் கார் நிறுத்தி வாங்குபவர்களை மட்டும் நம்பி இந்தத் தொழில் இல்லை. சிறிய பிள்ளையார், புத்தர் தலை, நந்தி என்று பெட்டிக்குள் அடங்குபவை ஆன்லைன் சந்தைகள் வழியாக ஊர் ஊராகப் போகின்றன. ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாத அளவுக்குக் குறைந்த விற்றுமுதல் உள்ளவர்களும் மாநிலத்துக்குள் இப்படி விற்கலாம் என்று 2023 அக்டோபர் 1 முதல் வழி திறந்திருக்கிறது. ஆனால் போன சிலை உடைந்து திரும்பி வந்தால் அந்த நட்டம் யாருடையது என்ற கேள்விக்கு நம்மிடம் இன்னும் ஒழுங்கான பதில் இல்லை.

வாங்கியவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. இது நியாயமான விதி. இதில் கைவைக்கச் சொல்லவில்லை. வாடிக்கையாளர் ‘ரிட்டர்ன்’ பொத்தானை அழுத்தினால் பணம் அவருக்குத் திரும்பிவிடுகிறது. பொருள் மட்டும் பல கைகள் மாறி, சில நாள் கழித்துப் பட்டறை வாசலுக்கு வருகிறது. அதை எந்தக் கை உடைத்தது என்று நிரூபிக்கும் பாரம், நடுவில் நடந்த எதையும் பார்க்காத விற்பனையாளர் தலையில் விழுகிறது. என் மனக்குறை அங்கேதான்.

திரும்பி வரும் பார்சல் இரண்டு வகை. வாங்கியவர் வீட்டில் இல்லை, முகவரி கிடைக்கவில்லை, வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார் என்பதால் அப்படியே திரும்புவது ஒன்று. கூரியர்காரர்கள் இதை ஆர்.டி.ஓ. என்பார்கள். இதில் விற்பனையாளர் ஒட்டிய டேப் பிரியாமல் இருக்கும். உள்ளே உடைந்திருந்தால் வழியில்தான் உடைந்திருக்க வேண்டும். வாங்கியவர் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்புவது இரண்டாவது வகை. இங்கே போன வழி, வாங்கியவர் வீடு, வந்த வழி என்று மூன்று இடங்களில் எங்கு வேண்டுமானாலும் உடைந்திருக்கலாம். வழக்கு சிக்கலாவது இந்த வகையில்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒன்பது அங்குல மாக்கல் பிள்ளையார், விலை 2,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சிற்பிக்குக் கொடுத்தது 1,300, பெட்டியும் பஞ்சும் 140, அனுப்பிய கூலி 190, திரும்பிய கூலி 150. தும்பிக்கை நுனி உடைந்து வந்தால் விற்பனையாளர் கையிலிருந்து போனது 1,780 ரூபாய். உடைந்த பிள்ளையாரைப் பாதி விலைக்கு வாங்கவும் ஆள் கிடையாது. பூசைக்கு ஆகாத விக்கிரகத்தை யார் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்? ஒரு சிலை போனால் அந்தக் காசை ஈடுகட்ட இன்னும் சில சிலைகளின் லாபம் வேண்டும்.

இழப்பீடு கேட்கும் வேலை பெட்டியைத் திறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. டெலிவரிப் பையன் அவசரப்படுத்துவார், ஓ.டி.பி. சொல்லுங்க அண்ணா என்பார். அந்த எண்ணைச் சொல்வதும் கையெழுத்துப் போடுவதும் பொருளைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல். பெட்டியின் மூலை நசுங்கியிருந்தாலோ, வேறு நிற டேப் ஒட்டியிருந்தாலோ, முதலில் படம் எடுத்துக்கொண்டு, ரசீதிலோ அவருடைய கைபேசிச் செயலியிலோ அந்தக் குறிப்பைப் பதியச் சொல்ல வேண்டும். பிறகு வீடியோ. வெட்டாமல் ஒரே ஓட்டமாக, பார்சலின் ஆறு பக்கமும், லேபிளில் உள்ள டிராக்கிங் எண்ணும், தராசில் காட்டும் எடையும் தெரியும்படி எடுத்துவிட்டு, அதே ஓட்டத்தில் பிரிக்க வேண்டும். நடுவில் நிறுத்தி மறுபடி எடுத்த வீடியோ சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும்.

உள்ளே பார்க்கும்போது கல்லே சாட்சி சொல்லும். மாக்கல் மென்மையானது, உடையும்போது மாவு உதிரும். உடைந்த துண்டும் அந்த மாவும் உள்உறைக்குள்ளேயே கிடந்தால் பெட்டிக்குள் இருந்தபோதுதான் உடைந்தது. துண்டு காணவில்லை, உறையில் மாவும் இல்லை என்றால் வெளியே எங்கோ உடைந்த பிறகு பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். உடைந்த முகம் புதிதாக வெளுத்திருக்கிறதா, எண்ணெயும் தூசியும் ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் பூசை அறையில் சில நாள் இருந்த சிலையைக்கூட அடையாளம் காணலாம். வந்திருப்பது நம் சிலைதானா என்பதற்கு, அடிப்பீடத்தில் சிறியதாக ஒரு எண்ணைச் செதுக்கி, அனுப்பும்போதே அதைப் படம் எடுத்து வைப்பது நல்லது. சிற்பிகளுக்கு அது ஒரு நிமிட வேலை. இழப்பீட்டு மனு மீது, படத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவருக்கு இந்த நுணுக்கம் தானாகப் புரியாது. மனுவில் இரண்டு வரியில் எழுதித்தான் புரியவைக்க வேண்டும்.

அடுத்தது மனு. அமேசானில் தானே பொருளை வைத்திருந்து அனுப்பும் விற்பனையாளர்களுக்கு Manage SAFE-T Claims என்ற பக்கம் இருக்கிறது. நிறுவனத்தின் கிடங்கில் வைத்த பொருளுக்கு வழி வேறு. ஃபிளிப்கார்ட்டில் Seller Protection Fund என்று ஒன்று. பெயர் எதுவானாலும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: ஆர்டர் எண், டிராக்கிங் எண், அனுப்பியபோது எடுத்த படம், திரும்பியபோது எடுத்த படமும் வீடியோவும், காரணம். காரணத்தைத் தேர்வு செய்யும்போது பலர் தடுக்கி விழுகிறார்கள். வழியில் உடைந்தது, வாங்கியவர் பயன்படுத்தியது, வேறு பொருள் வந்தது, பாகம் குறைகிறது என்று தனித்தனிக் காரணங்கள் இருக்கும். தேர்ந்த காரணம் ஒன்றும் படம் காட்டுவது வேறொன்றுமாக இருந்தால் மனு தள்ளுபடியாகும். கெடு நாள்கணக்கில்தான் இருக்கும். தளத்துக்குத் தளம் வேறுபடும், அவ்வப்போது மாறவும் செய்யும். பார்சல் வந்த அன்றைக்கே மனு போடுவதுதான் பாதுகாப்பு. மேல்முறையீடு செய்யும்போது பழைய வாசகத்தையே திரும்ப அனுப்பக் கூடாது. என்ன காரணத்துக்காகத் தள்ளினார்கள் என்பதைப் படித்து அதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். சிற்பிக்குக் கொடுத்த காசுக்கான ரசீதும் கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் விற்ற விலை முழுவதும் இழப்பீடாக வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

தள்ளுபடிக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, பொதிகட்டுதல் சரியில்லை என்பது. இதில் விற்பனையாளர் பக்கம் உண்மையான கடமை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. மெல்லிய ஒற்றை அட்டைப்பெட்டியில் இரண்டு சுற்று குமிழ்த்தாளோடு கல்லை அனுப்பிவிட்டுக் கூரியரைக் குறை சொல்வது சரியாகாது. உலக அளவில் பொதிச் சோதனைக்கு ஐ.எஸ்.டி.ஏ. என்ற அமைப்பின் அளவுகோல் இருக்கிறது. ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோவுக்குக் குறைவான பார்சலை 76 செ.மீ. உயரத்திலிருந்து ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு முகம் என்று பத்து முறை போட்டுப் பார்க்க வேண்டும். 76 செ.மீ. என்பது மேசை உயரம். கழித்துப் போட்ட ஒரு கல்லை, சிலையின் எடைக்கும் வடிவுக்கும் ஏற்றபடி எடுத்து, அனுப்பும் விதத்திலேயே கட்டி, பட்டறைத் தரையில் இந்தச் சோதனையைச் செய்துவிடலாம். மாக்கல்லில் முதலில் போவது தும்பிக்கையும் விரலும் கழுத்தும்தான். அந்த இடங்களைச் சுற்றிப் பஞ்சு தனியாக வேண்டும், பெட்டிக்குள் பெட்டி வேண்டும். இந்தச் சோதனையை வீடியோவாக வைத்திருப்பவரிடம் பொதி சரியில்லை என்று ஒற்றை வரியில் சொல்லிவிட முடியாது.

விற்பனையாளர் இவ்வளவும் செய்த பிறகும் ஒரு ஓட்டை மீதியிருக்கிறது. கோவளத்தில் பெட்டி கூரியர் கையில் ஏறியதற்கும் மதுரையில் ஒரு வீட்டு வாசலில் இறங்கியதற்கும் இடையே பெட்டியின் நிலையைக் காட்டும் பதிவு எதுவும் அவருக்குக் கிடைப்பதில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 151ஆம் பிரிவு, பிறர் பொருளைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் சாதாரண அறிவுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவு கவனம் செலுத்த வேண்டும் என்கிறது. பொருள் யார் கையில் இருந்ததோ அவர்தான் கவனமாக இருந்ததைக் காட்ட வேண்டும் என்பதே அதிலிருந்து வரும் நியாயம். ஆன்லைன் சந்தையில் இந்த நியாயம் தலைகீழாக நடக்கிறது.

மாற்ற முடியாத நிலை இல்லை இது. ஜெர்மனியில் போட்டி ஆணையம் விசாரித்ததை அடுத்து, 2019 ஜூலையில் அமேசான் தன் விற்பனையாளர் ஒப்பந்தத்தைத் திருத்தியது. அதுவரை, திருப்பித் தரும் பணத்தை நிறுவனம் முடிவு செய்தால் விற்பனையாளர் ஏற்க வேண்டியதாக இருந்தது. திருத்தத்துக்குப் பிறகு, அந்த முடிவை 30 நாளுக்குள் எதிர்க்கவும் இழப்பீடு கேட்கவும் அவருக்கு உரிமை வந்தது. 2020 ஜூலை 12 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதி, பெரிய இணையச் சந்தைகள் விற்பனையாளர்களின் புகாரைக் கட்டணமின்றிக் கேட்கும் உள் அமைப்பை வைத்திருக்க வேண்டும், தீராத தகராறுக்குச் சமரசம் செய்துவைப்பவர்களின் பெயரை ஒப்பந்தத்திலேயே சொல்ல வேண்டும் என்கிறது. நம் விதிகளில் வாங்கியவரின் புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் உண்டு. விற்பனையாளரின் புகாருக்கு அப்படி ஒரு கெடு கிடையாது.

இதைச் சரிசெய்ய ஆளுக்கு ஒரு பங்கு இருக்கிறது. கூரியர் நிறுவனங்கள் பார்சல் கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் எடையும் ஒரு படமும் பதிய வேண்டும். லேபிளை ஸ்கேன் செய்யும் கையிலேயே கேமராவும் இருக்கிறது. இணையச் சந்தைகள் அந்தப் பதிவை விற்பனையாளருக்குக் காட்டவும், மனுவைத் தள்ளினால் எந்தச் சான்று போதவில்லை என்று தெளிவாக எழுதவும் வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வாங்கியவருக்குத் தந்த அதே கெடுவை விற்பனையாளரின் மனுவுக்கும் விதியாக்க வேண்டும். கோவளம், மாமல்லபுரம் கைவினைஞர் சங்கங்களும் மாவட்டத் தொழில் மையமும் சேர்ந்து ஒரு பொது இடத்தில் தராசு, கேமரா, பொதிமேசை வைத்தால், தனியாக வசதியில்லாத சிறிய பட்டறைக்கும் சான்று கிடைக்கும்.

வாங்கும் நமக்கும் ஒரு வேலை உண்டு. சிலை உடைந்து வந்தால் பிரித்தவுடனே ஒரு படம் எடுத்து, துண்டுகளையும் உறையையும் சேர்த்து, வந்த பெட்டியிலேயே அதே பஞ்சோடு திருப்பி அனுப்புங்கள். உங்கள் பணம் எப்படியும் உங்களுக்கு வந்துவிடும். அந்தப் படமும் அந்தத் துண்டும் இருந்தால்தான் செதுக்கியவரின் கூலியும் வந்து சேரும்.