பில் இல்லாத மங்குஸ்தானும் ஆடிட்டருக்கு ஒரு மெயிலும்

குத்தாலத்துல பழக்கடை வச்சிருக்கிற தென்காசி அண்ணாச்சி ஒருத்தர், ஆடிட்டருக்கு ஒரு மெயில் அடிச்சுத் தரச் சொன்னார். சீசன் செலவுல பாதிக்கு பில் இல்லையாம். "தெரிஞ்ச கடையில ஏதாச்சும் பில் போட்டு வாங்கிரட்டுமா தம்பி?"ன்னார். வேண்டவே வேண்டாம்னேன். பில் இல்லாதது குறைதான்; ஆனா வாங்காத சரக்குக்கு பில் காட்டுறது மோசடி.

மெயிலை ரெண்டாப் பிரிச்சோம். முதல்ல, பில் தொலைஞ்ச செலவு. அட்டைப்பெட்டி வாங்கின கடையில நகல் கேட்டிருக்கோம், பணம் போனதுக்கு பேங்க் ஸ்டேட்மெண்ட் இருக்குன்னு எழுதினோம்.

அடுத்தது, பில்லே தராத செலவு. தோட்டக்காரர்கிட்ட 50 கிலோ மங்குஸ்தான், கிலோ 250 ரூபாய், மொத்தம் 12,500 ரொக்கம். ஒரே நாள்ல ஒருத்தருக்கு 10,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் கொடுத்தா, பொதுவா வருமான வரியில அது செலவாக் கழியாது. ஆனா விளைவிச்சவர்கிட்டயே விளைபொருள் வாங்கினா விலக்கு உண்டு. இடையில இருக்கிற வியாபாரிகிட்ட வாங்கினா அந்த விலக்கு இல்லை!

அதனால வவுச்சர்ல அவர் பேரு, ஊரு, எடை, விலை, கையெழுத்து எல்லாம் வேணும். 5,000 ரூபாய்க்கு மேலன்னா ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பும் ஒட்டணும். இப்ப எழுதுற வவுச்சருக்கு இன்னைக்குத் தேதிதான். பணம் கொடுத்த நாளை உள்ளே குறிச்சு, அன்னைக்கு எழுதின நோட்டுப் பக்கத்தையும் இணைச்சோம்.

ரெண்டு இறக்குக்கூலி மட்டும் யாருக்குக் கொடுத்தோம்னே அண்ணாச்சிக்கு ஞாபகமில்லை. "ஆதாரம் இல்லை, விட்டுடுங்க"ன்னே எழுதிட்டோம். என்னைக் கேட்டா, மத்த கணக்கை ஆடிட்டர் நம்புறதுக்கு அந்த ஒரு வரியே போதும்.