வாடகை பாக்கிக்குக் கணக்கு எழுதுங்கள், கோபத்தை அல்ல

ஸ்ரீரங்கத்தில் மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்ட ஒருவருக்கு நான்கு மாத வாடகை வரவில்லை என்றால், அவர் செய்வதற்கு ஒரு பழகிய வரிசை உண்டு. படியில் பார்க்கும்போது கேட்பார். பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பிறகு தெரிந்த போலீஸ்காரரிடம் சொல்லிவைப்பார். கடைசியில் தண்ணீர் மோட்டாரை நிறுத்துவார். முதலில் செய்திருக்க வேண்டிய வேலையான எழுத்துமூல இறுதி அறிவிப்பு இந்த வரிசையில் வருவதே இல்லை. வந்தாலும் பாதித் தாள் வசவாகவும், மீதித் தாள் மிரட்டலாகவும் இருக்கும்.

அறிவிப்பு நிதானமாக இருக்க வேண்டும் என்பதை நாகரிகத்துக்காகச் சொல்லவில்லை. சட்டமே அதை அப்படித்தான் அமைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 21ஆவது பிரிவின்படி, இரண்டு மாத வாடகை நிலுவையில் இருந்து, அறிவிப்பு கையில் கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையும் வராவிட்டால், வீட்டைக் காலி செய்யக் கோரி வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்த ஒரு மாதத்துக்குள் பாக்கி முழுவதும் வந்துவிட்டால் பாக்கியைக் காரணம் காட்டி வெளியேற்ற முடியாது. ஆக, அறிவிப்பு என்பது வாடகைதாரருக்குப் பணம் கட்டத் தரப்படும் கடைசி வாய்ப்பு. எவ்வளவு, எப்படி, எதற்குள் என்பது தெளிவாக இல்லையென்றால் வாய்ப்பே தரவில்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும்.

அடையவளஞ்சான் தெருவில் ஒரு மாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை 9,000 ரூபாய், பொது மோட்டாருக்கு மாதம் 250, அட்வான்ஸ் 45,000. ஏப்ரலில் 4,000 மட்டும் வந்தது. மே, ஜூன், ஜூலை ஒன்றும் வரவில்லை. ஏப்ரல் மீதி 5,000, மூன்று மாத வாடகை 27,000, நான்கு மாத மோட்டார் செலவு 1,000. மொத்தம் 33,000. ‘ஏறக்குறைய நாற்பதாயிரம்’ என்று எழுதினால் கதை கெட்டது. ஏப்ரலில் வந்த நான்காயிரத்தை மறைத்தாலும் கெட்டது. கூகுள் பே பதிவை வாடகைதாரர் நீதிமன்றத்தில் காட்டினால், மற்ற வரிகளின் மீதும் சந்தேகம் விழும். ஒப்பந்தத்தில் வட்டி பற்றிப் பேச்சே இல்லாதபோது மனம்போன வீதத்தில் வட்டி சேர்ப்பதும் அதே ரகம்தான்.

மாதவாரியான இந்தக் கணக்கைப் போட்டபின் அறிவிப்பின் உடல் இவ்வளவு போதும்:

“ஜூலை மாதம் முடிய தாங்கள் செலுத்த வேண்டிய நிலுவை, மேற்கண்ட விவரப்படி ரூ.33,000. இந்த அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் இத்தொகையை முழுமையாக என் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். பணம் வந்ததும் ரசீது தருவேன். கணக்கில் பிழை இருந்தால் ஆதாரத்துடன் எழுதித் தெரிவியுங்கள். குறித்த காலத்துக்குள் தொகை வராவிட்டால், வீட்டின் சுவாதீனத்தையும் நிலுவையையும் கோரி வாடகை நீதிமன்றத்தில் மனுச் செய்வேன். தங்கள் அட்வான்ஸ் ரூ.45,000 என் வசம் உள்ளது. காலி செய்யும்போது அதற்குத் தனியே கணக்குத் தீர்க்கப்படும்.”

கடைசி வரியை விட்டுவிடக் கூடாது. ‘அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க சார்’ என்பதுதான் வரப்போகும் முதல் பதில். அட்வான்ஸ் என்பது காலி செய்யும்போது பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவதற்கான பிணைத்தொகை. வீட்டில் இருந்துகொண்டே மாதா மாதம் அதில் கழிக்கச் சொல்லும் உரிமை, ஒப்பந்தம் இடம் தந்தாலொழிய, வாடகைதாரருக்கு இல்லை. ஆனால் கையில் 45,000 இருப்பதையே எழுதாமல் விட்டால் வீட்டுக்காரர்தான் மறைப்பவராகத் தெரிவார்.

காலக்கெடுவில்தான் பெரும்பாலான அறிவிப்புகள் சறுக்குகின்றன. ‘15 நாளில் காலி செய்’ என்று எழுதுவது பழக்கதோஷம். அது சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆவது பிரிவில் மாதக் குத்தகையை முடிப்பதற்குச் சொல்லப்பட்ட காலம். பாக்கிக்காகப் புதிய சட்டத்தின்கீழ் போகிறவர் ஒரு மாதம் தர வேண்டும். அதுவும் எழுதிய தேதியிலிருந்து அல்ல, வாடகைதாரர் கைக்குப் போன தேதியிலிருந்து. எனவே கைக்குப் போனதற்குச் சான்று வேண்டும். கையெழுத்திட்ட தாளைத் தபாலில் அனுப்பலாம். நேரில் அவரிடமோ வீட்டில் உள்ள குடும்பத்தாரிடமோ கொடுக்கலாம். இரண்டும் முடியாதபோது வீட்டில் தெரியும்படி ஒட்டலாம். பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டதால், பட்டுவாடாச் சான்றைக் கேட்டு வாங்கி வைப்பது அனுப்புபவரின் பொறுப்பு. வாட்ஸ்அப்பின் நீல டிக்கை மட்டும் நம்பி வழக்குக்குப் போக வேண்டாம்.

ஸ்ரீரங்கத்துக்கே உரிய இன்னொரு பதிலும் உண்டு: ‘அடிமனை கோயிலோடது, உங்களுக்கு எதுக்கு வாடகை?’ அடிமனை விவகாரம் மனையில் வீடு கட்டியிருப்பவருக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் இடையிலானது. ஒருவரிடம் வாடகைக்கு வந்து குடியேறியவர், அந்த வாடகைக் காலம் நீடிக்கும்வரை, வீடு கொடுத்தவருக்கு அன்று உரிமையே இல்லை என்று வாதிட முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 116ஆவது பிரிவு சொன்னது இதுதான். 2024 ஜூலையில் வந்த புதிய சாட்சியச் சட்டமும் அதையே வைத்திருக்கிறது. அறிவிப்பில் இதைப் பற்றி வாதம் வளர்க்கத் தேவையில்லை.

அந்த ஒரு மாதத்துக்குள் அவர் 20,000 மட்டும் அனுப்பினால்? வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ‘ரூ.33,000 நிலுவையில் ரூ.20,000 வரவு, மீதி ரூ.13,000; அறிவிப்பு தொடர்கிறது’ என்று அன்றே ரசீதில் எழுதித் தர வேண்டும். பேசாமல் வாங்கிக்கொண்டால், இதோடு சரிக்கட்டிவிட்டோம் என்ற வாதத்துக்கு இடம் கிடைக்கும். இந்த இடைவெளியில் மோட்டாரையோ மின்சாரத்தையோ நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு. அத்தியாவசிய வசதிகளைத் துண்டிப்பதை வாடகைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு தடுக்கிறது. அதுவரை பாக்கி வைத்தவராக இருந்த வாடகைதாரர் ஒரே நாளில் புகார்தாரர் ஆகிவிடுவார்.

எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யாதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பதிவாக வேண்டிய ஒப்பந்தம் பதிவாகாமல் இருந்தால் அதைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்று சட்டத்தில் பிறகு ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. ஒப்பந்தமே எழுதப்படாத வீடுகளுக்கு, ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியது என்ற வேறொரு காரணம் அதே 21ஆவது பிரிவில் இருக்கிறது. எந்த வழி தமக்குப் பொருந்தும் என்பதை அறிவிப்பு அனுப்பும் முன்பே வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவது நல்லது. அனுப்பியபின் காரணத்தை மாற்றினால் மாதங்கள் வீணாகும்.

வீடுதான் வேண்டும், பணம் அல்ல என்று நினைப்பவருக்கு இந்த அறிவிப்பு பொருந்தாது. முப்பதாம் நாள் 33,000 வந்து சேர்ந்தால் அத்தோடு பாக்கி வழக்கு முடிந்தது. வாடகைதாரர் அங்கேயே இருப்பார். பணம் வந்தால் போதும் என்பவருக்கு இது சரியான கருவி. அது வராதபோதும், நீதிமன்றத்தில் அவர் முதலில் நீட்டப்போகும் தாள் இதுதான். அந்தத் தாளில் ஒரு தொகையும் ஒரு கெடுவும் ஒரு கையெழுத்தும் இருந்தால், எதிர்த்தரப்பு கேள்வி கேட்க அதிக இடம் இருக்காது.