மாரி முடியும் வரைக்கும் கஞ்சிப் பானையை மேலே வைக்காதீர்கள்



வாடைக்காற்று தொடங்கிவிட்டது. வகுப்பறையில் இடாப்புக் கூப்பிடும்போது பதில் வராத பெயர்கள் கூடுகின்றன. அடுத்த நாள் வரும் பிள்ளையிடம் கேட்டால் இரண்டில் ஒன்றுதான் சொல்லும்: தடிமன், அல்லது வயிற்றோட்டம். மூன்றாம் தவணை நடக்கிற நேரம் இது. பிந்திய பாடத்தை யார் திரும்பப் படிப்பிப்பது?

நாங்கள் ஆசிரியர்கள் சிலர் இடைவேளையில் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். மழைகாலச் சாப்பாடு என்றதும் நம் ஊரில் எல்லோரும் "குளிர்ச்சி" பற்றித்தான் பேசுகிறோம். வாழைப்பழம் கொடுக்காதே, தயிர் கொடுக்காதே என்கிறோம். தடிமன் வாழைப்பழத்தால் வருவதில்லை. மழைக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு நாற்பது பிள்ளைகள் ஓர் அறையில் இருந்து இருமுவதால்தான் பரவுகிறது. இதற்காக மூத்தம்மாவோடு சண்டைக்குப் போகத் தேவையில்லை. மாரி முடிந்ததும் பழத்தைக் கொடுத்துக்கொள்ளலாம். ஆனால் வயிறு கெடுகிற விஷயத்தில் நாம் பார்க்கவேண்டியது குளிர்ச்சியா சூடா என்பதை அல்ல. சமைத்து எத்தனை மணித்தியாலம் ஆனது என்பதைத்தான்.

கொஞ்ச நாளைக்கு முன் நாலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று இரண்டாம் பாடவேளையில் சத்தி எடுத்தது. வீட்டாரிடம் விசாரித்தோம். முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குப் பிரைட் ரைஸ் பார்சல் வந்திருக்கிறது. எல்லோரும் சாப்பிட்டிருக்கிறார்கள், ஒருவருக்கும் ஒன்றுமில்லை. மிச்சத்தை மேசையில் மூடி வைத்து, காலையில் தாச்சியில் போட்டு நன்றாகச் சூடாக்கி, ஆறே முக்காலுக்குப் பிள்ளைக்கு மட்டும் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பதரைக்குச் சத்தி. "சுடச்சுடத்தானே கொடுத்தேன், மணமும் மாறவில்லையே" என்று உம்மா அழாத குறையாகச் சொன்னார்.

அவர் சொன்னது உண்மை. ஆனால் சோற்றில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்து, சோறு கொதித்தாலும் சாவதில்லை. சோறு ஆறி மேசையில் கிடக்கும்போது அது முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை விடும். அந்த நஞ்சுக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. திரும்பச் சூடாக்கினாலும் அது போகாது. சாப்பிட்டு அரை மணி முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் சத்தி வரும். அந்தப் பிள்ளைக்கு இதுதான் நடந்தது என்று பரிசோதனை செய்யாமல் அடித்துச் சொல்ல முடியாது. நேரக் கணக்கு அப்படியே பொருந்துகிறது. கடையில் பிழை என்று சொல்வதற்கும் இடமில்லை, இரவில் சாப்பிட்டவர்கள் நன்றாகத்தானே இருந்தார்கள்.

5 பாகைக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட சூடுதான் கிருமி பெருகும் இடம். மழைக்குக் குளிர்ந்தாலும் நம் குசினி 25 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. சமைத்ததை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்கக்கூடாது. பிரிட்ஜ் இருந்தாலும் மாரியில் கரண்ட் போகும். அப்படியென்றால் காலையில் எதைக் கொடுப்பது?

நம் வீடுகளில் அதற்கு விடை இருக்கிறது. நோன்பு முப்பது நாளும் கஞ்சி காய்ச்சுகிறோம். பெருநாளோடு அந்தப் பானையைக் கழுவிப் பரணில் ஏற்றிவிடுகிறோம். உண்மையில் அந்தப் பானைக்கு மாரியில்தான் வேலை அதிகம். கஞ்சி நன்றாகக் கொதித்து, அடுப்பிலிருந்து நேரே கோப்பைக்கு வருகிறது. வயிற்றுக்கு இலேசு. தடிமன் பிடித்த பிள்ளைக்கு அந்த ஆவியும் சூடும் மூக்கை இளக்கும், தொண்டைக்கு இதமாக இருக்கும். நோயை அது மாற்றிவிடும் என்று சொல்லமாட்டோம்.

ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் கணக்கு இப்படி. சுபஹுக்கு எழும்பியதும் ஒரு சுண்டு அரிசியையும் ஒரு பிடி பயற்றையும் கழுவி ஊற வைத்துவிடுங்கள். அரை மணித்தியாலம் கழித்து எட்டுச் சுண்டு தண்ணீரில் போட்டு, ஏழெட்டு உள்ளிப்பல், பெருவிரல் அளவு இஞ்சி, அரைத் தேக்கரண்டி வெந்தயம் சேர்த்து அடுப்பில் ஏற்றுங்கள். முக்கால் மணித்தியாலத்தில் அரிசி குழைந்து வரும். இறக்கப்போகும் நேரம் ஒரு பிடி முருங்கை இலையும், உப்பும், ஒரு கோப்பைத் தேங்காய்ப்பாலும் விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடலாம். தேங்காய்ப்பாலை முதலிலேயே விட்டால் திரையும். பால் விட்ட கஞ்சி சோற்றை விடச் சீக்கிரம் பழுதாகும், அதனால் காலைக் கஞ்சியைப் பின்னேரத்துக்கு என்று எடுத்து வைக்கவே கூடாது. நுரைத்தாலோ புளித்த மணம் வந்தாலோ ஊற்றிவிடுவது எல்லோருக்கும் தெரியும். நுரைக்காவிட்டாலும் ஊற்றத்தான் வேண்டும்.

பிள்ளைகளுக்குக் கஞ்சி அலுத்துப்போனால் முருங்கைக்குப் பதிலாக வல்லாரையை அரைத்து வடித்து விடுங்கள். இந்த நாட்களில் வல்லாரைச் சம்பலை நிறுத்திக்கொள்வது நல்லது. வெள்ளம் ஏறி வடிந்த நிலத்தில் பிடுங்கிய இலை, அதே வெள்ளம் கலந்த கிணற்றுத் தண்ணீரில் கழுவிப் பச்சையாகத் தின்னப்படுகிறது. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் நம் வளவுகளில் எவ்வளவு தூரம் என்று நாம் அறிவோம். அதே இலை கஞ்சியில் கொதித்துவிட்டால் பயமில்லை. குடிதண்ணீரும் அப்படித்தான், தளதளவென்று கொதிக்கவேண்டும். வெதுவெதுப்பாக்கி இறக்கினால் ஒரு பலனும் இல்லை.

பகலுக்கும் இரவுக்கும் புளியாணம் போதும். மிளகு, சீரகம், மல்லி, உள்ளி தட்டிப் போட்டு, தேசிக்காய் அளவு பழப்புளி கரைத்து, தக்காளி இரண்டு பிசைந்து கொதிக்க வைத்தால் பதினைந்து நிமிட வேலை. கடல் கொந்தளிப்பில் தோணி போகாத நாட்களில் ஐஸில் கிடந்த பழைய மீனுக்கு விலை கொடுத்து வாங்குவதை விட, புளியாணமும் அவித்த முட்டையும் நல்லது. இரவுக்கு அரிசியைப் பாதியாகக் குறைத்து ஆக்குங்கள். மிச்சம் வராமல் ஆக்குவதுதான் இதில் பெரிய வேலை.

பிள்ளைக்கு வயிற்றோட்டம் தொடங்கிவிட்டால் தேங்காய்ப்பாலும் மிளகும் இல்லாமல் உப்புப் போட்ட வெறும் கஞ்சி கொடுக்கலாம். ஆனால் ஜீவனிக்குப் பதில் கஞ்சி என்று நினைக்கவேண்டாம், இரண்டும் வேண்டும். பக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பக்கெட்டையும் கரையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கரைத்தால் உப்பின் அளவு பிழைத்துவிடும். கண் உள்ளே போனாலோ, ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ கைமருந்து பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பாடசாலையிலும் மாரி முடியும் வரை கிழமையில் இரண்டு நாள் கஞ்சி கொடுக்கலாம் என்று பெற்றோர் சிலர் கேட்டிருக்கிறார்கள். நமக்கு விருப்பம்தான். நிபந்தனை மூன்று உண்டு. பள்ளிக்கூட வளவிலேயே காலை எட்டு மணிக்குப் பிறகு அடுப்பு மூட்டவேண்டும், வீட்டில் காய்ச்சி வாளியில் கொண்டுவரக் கூடாது. பிள்ளைகள் தங்கள் கோப்பையும் கரண்டியும் கொண்டுவரவேண்டும். இடைவேளையில் பகிர்ந்த பிறகு அடியில் எவ்வளவு மிஞ்சினாலும் யாருக்கும் கட்டிக் கொடுத்தனுப்ப மாட்டோம். மூன்றாவதுக்குத்தான் சிலர் முகம் சுளிப்பார்கள் என்று நினைக்கிறோம். அரிசியும் தேங்காயும் தருவதாகச் சொன்னவர்கள், காய்ச்ச வரக்கூடிய உம்மாமார், உங்கள் பெயரைக் கீழே எழுதுங்கள்.