விலை நடந்த தூரமும் நகர்ந்த தூரமும்

பகாவ், ஜெம்போல் வட்டாரத் தோட்டங்களில் செம்பனை விலை வீட்டுப் பேச்சு. கச்சா எண்ணெய் விலையைப் பார்த்துத்தான் குலைக்கும் விலை. இப்போது மாணவர் சிலர், முன்பேரச் சந்தையில் விலை சராசரிக் கோட்டை மேலே தாண்டினால் வாங்கு, கீழே இறங்கினால் வில் என்ற விதியைக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். அந்த விதி எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் என்று சொல்லிக்கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

உக்ரேன் போருக்குப் பின் 2022 மார்ச்சில் எண்ணெய் விலை டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. ஜூலை நடுவில் 4,000க்கும் கீழே வந்துவிட்டது. அந்தச் சரிவில் விதி நன்றாகவே உழைத்திருக்கும். ஆனால் 2023இல் விலை பெரும்பாலும் 3,000க்கும் 4,500க்கும் இடையிலேயே ஏறி இறங்கியது. இப்படி அலையும் சந்தையில் கோட்டைத் தாண்டியதும் வாங்குவோம். மறுநாளே விலை திரும்பிவிடும். ஓர் ஒப்பந்தம் 25 டன். டன்னுக்கு 20 ரிங்கிட் இறங்கினால் 500 ரிங்கிட் போச்சு, கட்டணம் தனி.

எந்தச் சந்தையில் நிற்கிறோம் என்று அறிய ஒரு வகுத்தல் போதும். பெர்ரி காஃப்மன் என்பவர் சொன்ன வழி இது. பத்து நாள் விலையில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள். பிறகு ஒவ்வொரு நாளின் மாற்றத்தையும் ஏற்றம், இறக்கம் பாராமல் கூட்டுங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுங்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு: +50, +40, −20, +60, +30, −20, +50, +40, −20, +30. விலை நடந்தது மொத்தம் 360 ரிங்கிட், நகர்ந்தது 240. விடை 0.67; இது ஒரே திசையில் போகும் சந்தை. இன்னொன்று: +40, −50, +30, −20, +60, −50, +40, −30, +20, −20. இங்கும் நடந்தது 360தான், நகர்ந்ததோ 20. விடை 0.06. இந்தச் சந்தையில் நான் அந்த விதியைத் தொடமாட்டேன்.

எங்கே கோடு போடுவது? நாணயத்தைச் சுண்டி, தலைக்கு ஒரு ரிங்கிட் ஏற்றம், பூவுக்கு ஒரு ரிங்கிட் இறக்கம் என்று பத்து முறை எழுதிப் பாருங்கள். பலமுறை செய்தால் சராசரி விடை ஏறக்குறைய கால் பங்கு வரும். நாள் மாற்றங்கள் சிறிதும் பெரிதுமாக இருக்கும் உண்மைச் சந்தையில் இது 0.3ஐ ஒட்டி இருக்கலாம். ஆகவே 0.3ஐக் கண்டதும் போக்கு என்று துள்ள வேண்டாம். நாணயம்கூடச் சில வேளை 0.6 காட்டும். அதனால் இருபது நாள் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது என் வழக்கம். நாள் கூடினால் தற்செயல் குறையும், ஆனால் திருப்பம் தெரியத் தாமதமாகும்.

இன்னொரு பொறி உண்டு. பேசப்படும் விலை மூன்றாம் மாத ஒப்பந்தத்தினுடையது. மாத நடுவில் அது அடுத்த ஒப்பந்தத்துக்கு மாறும்போது, வரைபடத்தில் விலை ஒரே நாளில் குதித்ததுபோல் தெரியும். உண்மையில் யாரும் அந்த விலை மாற்றத்தில் இலாபம் பார்த்திருக்கமாட்டார்கள். அந்த ஒரு நாளை எடுத்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும்.