நிலைக்கு வெளியே அளந்த ஐந்து அங்குலம்

சென்ற இதழில் ஒரு கட்டடப் பொறியாளர், சக்கர நாற்காலிக்காரர்களுக்குச் சின்னக் குளியலறையே போதும் என்று எழுதியிருந்தார். நாற்காலியின் அகலம் 25 அங்குலம், கதவின் அகலம் 30 அங்குலம், ஆக 5 அங்குலம் மிச்சம். உள்ளே திரும்புவதற்கு 5 அடி வட்டம் கேட்பது வெளிநாட்டுச் சொகுசு. நேராகப் போய்விட்டு அப்படியே பின்னால் வந்தால் ஆயிற்று. இதுதான் அவர் வாதம். பதினொரு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் அவருடைய கணக்கைத் திருத்தித் தருகிறேன்.

முதலில் அந்த 30 அங்குலம். நம் ஊரில் இரண்டரை அடிக் கதவு என்றால் அது நிலையின் வெளி அளவு. நிலைச்சட்டம் பக்கத்துக்கு இரண்டரை அங்குலம். இரண்டு பக்கமும் சேர்ந்து 5 போய்விட்டது. மிச்சம் 25. கதவைத் திறந்தால் அது காற்றில் கரைந்துவிடுவதில்லை. கீலில் தொங்கியபடி தன் கனத்தில் இன்னும் ஓர் அங்குலத்தை வழியிலேயே வைத்துக்கொள்கிறது. ஆக 25 அங்குல நாற்காலிக்கு 24 அங்குல வாசல். சக்கரத்தைத் தள்ளும் விரல்களுக்கு அவர் இடமே ஒதுக்கவில்லை. எங்கள் விரல் முட்டியில் உள்ள தழும்புகளுக்கு இதுதான் காரணம்.

வெளிநாட்டுச் சொகுசு என்கிறாரே, வாசலுக்கு அமெரிக்க விதி கேட்பது தடையில்லாத 32 அங்குலம்தான். நம் நாட்டு அரசின் வழிகாட்டு நெறிமுறைகள் 900 மில்லிமீட்டர், அதாவது 35 அங்குலத்துக்கு மேல் கேட்கின்றன. அதற்கு நிலையை மூன்றரை அடியில் போட வேண்டும். தச்சரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “நிலைக்கு உள்ளே, கதவு திறந்தபிறகு எவ்வளவு?”

அடுத்து, அந்த ‘நேராகப் போய்ப் பின்னால் வருவது’. அவர் வரைந்து காட்டிய 5 அடிக்கு 7 அடி அறையையே எடுத்துக்கொள்வோம். கதவு ஒரு குறுஞ்சுவரில், வெஸ்டர்ன் கம்மோடு எதிர்ச்சுவரின் நடுவில். கம்மோடு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது 2 அடி 4 அங்குலம். மிச்சமுள்ள நீளம் 4 அடி 8 அங்குலம். கால்விரல் வரை சேர்த்து நாற்காலியின் நீளம் 4 அடி. உள்பக்கம் திறக்கும் கதவு மூடுவதற்கு அதே தரையில் இரண்டு அடிக்கு மேல் கேட்கிறது. நாற்காலி ஒதுங்கினால்தான் கதவு மூடும்; ஒதுங்க அது என்ன நண்டா?

சரி, கதவு மூடாமலே போகட்டும். நேராக வந்தவனின் முகம் கம்மோட்டைப் பார்த்திருக்கிறது. உட்கார வேண்டியதோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம். கால் ஊன்ற முடிந்தவர் எழுந்து திரும்பிவிடுவார். முடியாதவர் நாற்காலியைக் கம்மோட்டின் பக்கத்தில், அதே திசை பார்க்க நிறுத்தி, கையை ஊன்றி நகர வேண்டும். அதற்கு அறைக்குள் திரும்பியே ஆக வேண்டும். வெளியே திரும்பிக்கொண்டு பின்னோக்கி வரலாம்தான். வாசலுக்கு வெளியே 5 அடி அகலக் கூடம் இருந்தால். மூன்றடி நடையில் அது நடக்காது. 5 அடி என்பதும் யாரோ வாய்க்கு வந்தபடி சொன்னதல்ல. நாற்காலி சுழல்வது பின்சக்கர அச்சின் மேல். அங்கிருந்து கால்விரல் நுனி இரண்டரை அடிக்குக் குறையாது. அந்தக் காலை ஒரு சுற்றுச் சுற்றினால் வரும் வட்டம்தான் அது.

இடமே இல்லை என்பாரானால், இடம் அவருடைய வரைபடத்திலேயே இருக்கிறது. கம்மோட்டை நடுவில் வைத்ததால் இரண்டு பக்கமும் 23 அங்குலம் வீணாகக் கிடக்கிறது. 25 அங்குல நாற்காலி அதில் நுழையாது. அதையே ஒரு பக்கம் தள்ளி, சுவரிலிருந்து கம்மோட்டின் நடுக்கோடு 18 அங்குலத்தில் இருக்கும்படி வையுங்கள். மறுபக்கம் 35 அங்குலம் சேர்ந்து கிடைக்கும். கழிவுக்குழாயைப் பதிக்கும் முன்பே கொத்தனாரிடம் சொன்னால் இதற்குத் தனிச் செலவு இல்லை. கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டுங்கள். உள்ளே ஒருவர் கதவோரம் விழுந்துவிட்டாலும் அப்போதுதான் திறக்க முடியும். வாஷ்பேசினைத் தூணில்லாமல் சுவரில் தொங்கவிட்டால் முழங்கால் அதன் அடியில் போய்விடும். இவ்வளவும் செய்தபிறகு 5 அடி வட்டம் கம்மோட்டின் முனையில் 3 அங்குலம் இடிக்கும். அதை மறைக்கவில்லை. கம்மோடும் சுவரில் தொங்குவதானால் கால்மிதி அடியில் நுழைந்து தப்பிக்கும்; இல்லையென்றால் முன்னும் பின்னுமாக இரண்டு தடவை நகர்த்தித் திரும்ப வேண்டும். அது சிரமம், ஆனால் முடியும். அவர் வரைந்த அறையில் முடியவே முடியாது.

அவர் அளவில் கட்டிய வீடுகளில் கடைசியில் என்ன நடக்கிறது தெரியுமா? குடும்பத்தார் கதவைக் கழற்றிவிட்டுத் திரை போடுகிறார்கள். ஐந்து அங்குலம் மிச்சம் என்றவர், அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும்.