ஒரு எக்ஸ்ரேக்குப் போகாததால்

போன வாரம் மார்க்கெட்டில் ஒரு பழைய நண்பர் பிடித்துக்கொண்டார். "சார், கோர்ட்ல இருந்தவர்தானே நீங்க? எங்க பையனை அடிச்சவன் மேல சாதா கேஸ்தான் போட்டிருக்காங்க. போலீஸ் காசு வாங்கிட்டாங்களா?" என்று கேட்டார். காசு வாங்கினார்களோ இல்லையோ எனக்குத் தெரியாது. ஆனால் முப்பது வருஷம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காகக் கட்டுகளைப் புரட்டியதில் ஒன்று தெரியும். அடிதடி வழக்கின் தலையெழுத்தைப் பல சமயம் ஆஸ்பத்திரியின் ஒரு தாள்தான் எழுதுகிறது.

கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கும் ஒருவரின் வழக்கு எனக்கு மறக்காது. தண்ணீர் லாரி வரிசையில் தகராறு. எதிராளி அவருடைய வலது கையைப் பிடித்து முறுக்கிக் கீழே தள்ளிவிட்டான். ராத்திரியே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். விபத்துப் பதிவேட்டில், நாம் ஏ.ஆர். காப்பி என்கிறோமே அதில், "சுண்டுவிரல் பக்கம் வீக்கம், வலி, எக்ஸ்ரே எடுக்கவும்" என்று டாக்டர் எழுதினார். எக்ஸ்ரேக்கு மறுநாள் காலை வரச் சொன்னார்கள். இவர் போகவில்லை. நாலாம் நாள் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்கே போய்விட்டார். போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

பிறகு வந்த காயச் சான்றிதழில் "சாதாரண காயம்" என்று இருந்தது. எக்ஸ்ரே இல்லாமல் டாக்டர் வேறென்ன எழுதுவார்? முடிவை நிறுத்தி வைத்து, படம் வந்த பிறகு எழுதியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். ஆபாசமாகத் திட்டியதையும் சேர்த்து, காயத்துக்கு 323-ஆவது பிரிவில் வழக்கு வந்தது. அதற்கு அதிகபட்சம் ஒரு வருஷம் சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எதிராளி குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போனான். சில மாதம் கழித்துத்தான் இவர் வெளியில் எக்ஸ்ரே எடுத்தார். சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை எலும்பு முறிந்து, கோணலாகக் கூடியிருந்தது. படத்தை எடுத்துக்கொண்டு கோர்ட்டு வாசலுக்கு வந்தார். முடிந்த வழக்கு. அந்த முறிவு அன்றைக்கு நேர்ந்ததுதான் என்று அத்தனை மாதம் கழித்து யார் சொல்வது?

அன்றே படம் எடுத்திருந்தால் அது கொடுங்காயம். 325-ஆவது பிரிவு, ஏழு வருஷம் வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தின் 320-ஆவது பிரிவு எட்டு வகைக் காயங்களைத்தான் கொடுங்காயம் என்கிறது. கண் பார்வை போவது, காது கேளாமல் போவது, முகம் நிரந்தரமாக விகாரப்படுவது எல்லாம் அதில் உண்டு. எலும்போ பல்லோ முறிந்தாலும் இடம் பெயர்ந்தாலும் கொடுங்காயமே. ரத்தம் எவ்வளவு கொட்டியது, எத்தனை தையல் என்பது கணக்கில் இல்லை. பத்துத் தையல் போட்ட தொடை வெட்டு சாதாரண காயமாக நிற்கலாம். மயிரிழை எலும்பு விரிசல் கொடுங்காயமாகிவிடும். எலும்பு துண்டாக வேண்டியதில்லை, விரிசலே போதும் என்று 1969-லேயே ஹோரி லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எட்டாவது வகைதான் என் மனக்குறை. உயிருக்கு ஆபத்தான காயம், அல்லது 20 நாள் கடும் வலியில் தவிக்கவோ, வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போகவோ வைத்த காயம். 2024 ஜூலை 1 முதல் வந்த நியாய சம்ஹிதையில், 116-ஆவது பிரிவில், இதை 15 நாளாகக் குறைத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார் என்பது மட்டும் போதாது. வலியையோ வேலை செய்ய முடியாததையோ நிரூபிக்க வேண்டும். மாதச் சம்பளக்காரர் மெடிக்கல் லீவு போட்டுக் காட்டிவிடுவார். கூலிக்காரர் நாலாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு போய் நிற்பார். "வேலைக்குப் போனீர்களா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டால் "போனேன்" என்பார். அந்த ஒரு வார்த்தையில் வழக்கு இளைத்துவிடும். பசியைக் குணமானதற்குச் சாட்சியாக எடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

இதற்கு நேர்மாறாகவும் நடப்பதைச் சொல்லாவிட்டால் தப்பு. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்லைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான், "கொடுங்காயம்" என்று ஒரு சொல் எழுதுவதைவிட, ஈறு புதிதாகக் கிழிந்திருந்ததா, ரத்தம் கசிந்ததா, பக்கத்துப் பற்கள் எப்படி என்று டாக்டர் எழுதவேண்டும் என்கிறேன். டாக்டர் சொல்வது அபிப்பிராயம்தான், முடிவு நீதிபதியுடையது. கண்டதை எழுதினால்தானே அவரும் எடைபோட முடியும்? எக்ஸ்ரே படமும், அதைப் படித்த டாக்டரும் கோர்ட்டுக்கு வராமல் 325 கரைந்து 323 ஆனதை எத்தனையோ கட்டுகளில் பார்த்தவன் நான்.

நண்பரிடம் கேட்டேன், "பையனுக்கு எக்ஸ்ரே எடுத்தீங்களா?" என்று. "எழுதிக் குடுத்தாங்க சார், கூட்டமா இருந்துச்சு, வந்துட்டோம்" என்றார். அடிபட்டு ஆறு நாள்தான் ஆகியிருந்தது. பையை நான் வாங்கிக்கொண்டு, அப்படியே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். படம் வந்ததும் அதன் நகலோடு ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, பிரிவை மாற்றக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.